குடிக்கு வருஷத்துக்கு எவ்வளவு போகிறது? வீட்டுக் கணக்கு போடும்போது வரும் கேள்விகள்

"அவரைக் கேட்டா வாரம் ஐநூறுதான்ங்கறார். எனக்குத் தினம் ஒரு குவார்ட்டர் ஓடுற மாதிரி இருக்கு. யார் சொல்றது சரி?"

பெரும்பாலும் இரண்டு பேரும் தப்பு, வேறு வேறு காரணத்தால். எங்கள் ஊர் மகளிர் குழுவில் பன்னிரண்டு வருஷமாக நான்தான் கணக்கு நோட்டு எழுதுகிறேன். கடன் கேட்டு வருகிறவர்களிடம் வீட்டு வரவு செலவு கேட்டு எழுதுவோம். அரிசி, கேஸ், கரண்ட் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்த வரி வந்ததும் நின்றுவிடுவார்கள்.

குடிக்கிறவர் தன் தொண்டைக்குள் போன சரக்கின் விலையை மட்டும் சொல்வார். ஆம்லெட், தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் கப், கூட வந்தவனுக்கு வாங்கிக் கொடுத்த கட்டிங் எதுவும் அவர் கணக்கில் குடி இல்லை, "வெளிச்செலவு". வீட்டில் இருப்பவரோ மனதில் தைத்த மோசமான நாளை எடுத்து 365-ஆல் பெருக்கிவிடுவார். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு பேசினால் "நீ பொய் சொல்றே" என்பதில் போய் முடியும். ஆகவே இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் போட வேண்டும்.

கீழே வருவது திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு வீட்டோடு உட்கார்ந்து போட்ட கணக்கு. அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அண்ணன் கொத்தனார், நாள் கூலி 900. அக்கா தையல், வேலை உள்ள நாளில் 350. இரண்டு பிள்ளைகள். அண்ணன் சொன்ன கணக்கு வருஷத்துக்கு 26,000. அக்கா சொன்னது 54,750.

"பில்லு எதுவும் இல்லையே, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

மாசக் கணக்கு கேட்டால் யாருக்கும் நினைவு வராது. கிழமை கேளுங்கள். குடிக்குக் கிழமை உண்டு. கட்டட வேலையில் சனிக்கிழமை சம்பளம், அதனால் சனிக்கிழமை ஒரு மாதிரி, செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி. நான்கு வாரம், கிழமை வாரியாக ஒரு நோட்டில் எழுதினால் போதும்.

எழுதும்போது பாட்டிலில் அச்சடித்த விலையை எழுதாமல், கையை விட்டுப் போன பணத்தை எழுதுங்கள். பல மாவட்டங்களில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பி வரும். பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு வந்தால் அதுவும் செலவுதான்.

நாங்கள் எழுதிய நேரத்தில் அண்ணனுக்குக் குவார்ட்டர் ஒன்றுக்கு 150 போனது. செவ்வாய், புதன், வெள்ளியில் கட்டிங்: ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பிரித்துக்கொள்வதில் இவர் பங்கு 75, கொறிக்க 25, ஆக நாளுக்கு 100. சனிக்கிழமை இரண்டு குவார்ட்டர் 300, பாரில் முட்டையும் சுண்டலும் 120, கூட வந்த சித்தாளுக்கோ மச்சானுக்கோ ஒரு குவார்ட்டர் 150, ஆக 570. ஞாயிற்றுக்கிழமை ஒரு குவார்ட்டரும் கறி வறுவலும் 200. திங்களும் வியாழனும் இல்லை. வாரத்துக்கு மொத்தம் 1,070.

இதில் அவர் குடித்த சரக்கின் விலை 675 மட்டும்தான். மீதி 395 குடியைச் சுற்றி ஓடியது. அண்ணன் ஏமாற்றவில்லை. சனிக்கிழமையையே ஒரு குவார்ட்டராக நினைவு வைத்துக்கொண்டு, மனதறிந்துதான் ஐநூறு என்று சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொடுத்த 150-ஐச் சேர்க்கக் கூடாது என்று சண்டை போட்டார், "அவன் எனக்கு வாங்கித் தரலையா?" என்று. நியாயமான கேள்விதான். அவன் வாங்கித் தந்ததை நாங்கள் செலவில் எழுதவில்லை, இவர் கையிலிருந்து போனதை மட்டும் எழுதினோம். ஓசியில் கிடைத்த குவார்ட்டர் அடுத்த சனிக்கிழமை திருப்பிச் செய்ய வேண்டிய மொய். அது தானாகவே நோட்டில் வந்து ஏறும்.

"அதை 52-ஆல பெருக்கிட்டா வருஷக் கணக்கு வந்துடுமா?"

வராது. குடிக்காத வாரங்கள் இருக்கின்றன, இரண்டு மடங்கு குடித்த வாரங்களும் இருக்கின்றன.

அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர். ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு கிடையாது. அந்த ஏழு வாரத்தைக் கழித்தால் 45 வாரம். 1,070-ஐ 45-ஆல் பெருக்கினால் 48,150.

அடுத்து விசேஷம். தீபாவளி 3,000, பொங்கல் 2,500, ஆடியில் அம்மன் திருவிழா 2,000, கல்யாணம் கருமாதி எல்லாம் சேர்த்து 2,500. இது வாரக் கணக்குக்கு மேல் போன தொகை, மொத்தம் 10,000. இரண்டையும் கூட்டினால் 58,150.

அக்கா சொன்ன 54,750-க்கு இது மிகப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம். தற்செயல்தான். தினம் ஒரு குவார்ட்டர் அவர் குடிக்கவே இல்லை. ஆனால் சைடு டிஷ்ஷும் திருவிழாவும் சேர்ந்து அந்தத் தொகைக்குக் கொண்டுவந்துவிட்டன.

காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி கடை மூடும் நாட்களைக் கழிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கழிக்க வேண்டாம். முந்தின நாளே வாங்கி வைப்பார்கள், இல்லையென்றால் கூடுதல் விலைக்கு எங்கிருந்தாவது வரும். அந்த நாட்களில் செலவு ஏறியதைத்தான் நோட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

"திங்கட்கிழமை வேலைக்குப் போகாம படுத்துக்கிறாரே, அதையும் இதுல சேர்க்கலாமா?"

சேர்க்கலாம், தனி வரியில். ஆனால் வேலைக்குப் போகாத திங்கட்கிழமை எல்லாம் குடியால் போனது ஆகாது. மழை பெய்திருக்கலாம், சிமெண்ட் வராமல் இருந்திருக்கலாம், மேஸ்திரியே வேலை இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்களா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும் நாளை மட்டும் எழுத வேண்டும்.

அந்த வீட்டில் மேஸ்திரியின் வருகை நோட்டு கைக்குக் கிடைத்தது. மற்றவர்கள் வேலைக்குப் போய் இவர் மட்டும் போகாத திங்கட்கிழமைகள் 18, விசேஷத்துக்கு மறுநாள்கள் 4. மொத்தம் 22 நாள், 19,800 ரூபாய்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு அலுப்பு, முதுகு வலி, குடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அப்போது அக்காதான் மாலை போட்ட ஏழு வாரத்தை எடுத்துக் காட்டினார். அதே சாரம், அதே முதுகு, அதே மேஸ்திரி. ஏழு திங்கட்கிழமையில் ஒன்றுகூட விடவில்லை. எனக்குத் தோன்றாத சான்று அது. உங்கள் வீட்டிலும் மாலை, அலகு, காப்புக் கட்டு என்று ஏதாவது விரதக் காலம் இருந்தால் அந்த வாரங்களையும் மற்ற வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலர் சொல்லும் எதையும்விட அது தெளிவாகப் பேசும்.

"கடன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாத்தையும் கூட்டினா லட்சத்தைத் தாண்டுதே?"

தாண்டினால் எங்கேயோ இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அந்த வீட்டில் நானே இந்தத் தப்பைச் செய்தேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடச் செலவுக்கு மூணு வட்டிக்கு 20,000 வாங்கியிருந்தார்கள். சனிக்கிழமைச் சம்பளம் வீடு வந்து சேராததால் வாங்கிய கடன் என்று அந்த 20,000-த்தையும் குடிக் கணக்கில் எழுதிவிட்டேன். குடித்த பணம் ஏற்கெனவே 58,150-ல் இருக்கிறது. அதே ஓட்டையை அடைக்க வாங்கிய அசலையும் எழுதினால் ஒரே ரூபாய் இரண்டு தரம் வருகிறது. வட்டி மட்டும்தான் புதுச் செலவு: மாசம் 600, வருஷத்துக்கு 7,200.

வைத்தியத்தில் வயிற்றெரிச்சல் மாத்திரை மாசம் 150 வீதம் 1,800. ஒருமுறை வண்டியோடு விழுந்ததில் தையலும் வண்டி ரிப்பேரும் 4,500. சேர்த்து 6,300. சளி, காய்ச்சல், பிள்ளைகளின் மருந்து எதையும் இதில் போடவில்லை.

ஆக, கையிலிருந்து போனது 58,150, 7,200, 6,300 மூன்றும் சேர்ந்து 71,650. வராமல் போன கூலி 19,800. எல்லாம் சேர்த்தால் 91,450.

ஒன்று கவனிக்க வேண்டும். வீட்டு வருமானத்தில் எத்தனை பங்கு போனது என்று பார்க்கும்போது 71,650-ஐ மட்டும் எடுக்க வேண்டும். வராத கூலி வருமானத்திலேயே இல்லையே. அண்ணன் 230 நாள், அக்கா 250 நாள் வேலை செய்ததில் வந்தது 2,94,500. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

"நோட்டை எடுத்தாலே சண்டை வருது. எப்படிக் கேக்கறது?"

சனிக்கிழமை ராத்திரி கேட்காதீர்கள், திங்கட்கிழமை காலையும் வேண்டாம். இரண்டிலும் பதில் வராது. வியாழக்கிழமை மாதிரி குடிக்காத நாளில், "எவ்வளவு குடிச்சீங்க" என்று தொடங்காமல், "சனிக்கிழமை சம்பளம் எவ்வளவு வந்துச்சு, வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க" என்று மொத்தத்திலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். பெட்ரோல், பீடி, டீ எல்லாவற்றையும் எழுதுங்கள். மிச்சம் எங்கே என்று அவரே தேடட்டும். பேனா அவர் கையில் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

கை நீட்டுகிற வீடாக இருந்தால் இந்த யோசனையெல்லாம் வேண்டாம். நோட்டு அவர் கண்ணில் படக் கூடாது. குழுவிலோ அம்மா வீட்டிலோ வைத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த வரைக்கும் போடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் எடுப்பார்கள்.

"மாசம் ஆயிரம் உரிமைத்தொகை வருதே, அதை வெச்சு ஓட்டிக்கலாம்னு சொல்றாரு."

வருஷத்துக்கு 12,000. இவர் வாரக் கணக்கில் பதினோரு வாரத்துக்கு வரும். அவ்வளவுதான்.

"இந்தப் பணம் மிச்சமானா சீட்டுப் போடலாமா, போஸ்ட் ஆபீஸ்ல போடலாமா, நகை வாங்கலாமா?"

வெளியில் மூணு வட்டிக் கடன் இருக்கும்போது எதையும் வாங்க வேண்டாம், கடனை அடையுங்கள். மாசத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். போஸ்ட் ஆபீஸ் ஐந்து வருஷ ஆர்.டி.க்கு இப்போது 6.7 சதவீதம். 20,000 ரூபாய் அங்கே ஒரு வருஷம் கிடந்தால் 1,400-க்குள் கிடைக்கும். அதே 20,000-த்தைக் கடனில் கட்டினால் 7,200 மிச்சம்.

அந்த வீட்டில் அண்ணன் முழுசாக நிறுத்துவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நோட்டைப் பார்த்ததும் ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வாரச் செலவு 1,070-ல் சனிக்கிழமை ஒரு நாளே 570. வருஷத்துக்கு 25,650. கையில் கட்டாகப் பணம் இருக்கிற ஒரே நாள் அதுதான், மச்சான்கள் கூடுகிற நாளும் அதுதான். "சனிக்கிழமையை மட்டும் விட்டுடறேன்" என்றார்.

அந்த 570-ஐ வாரா வாரம் எடுத்து வைத்தால் 35 வாரத்தில் 19,950. வட்டிக்குக் கொடுத்தவர் ஐநூறு, ஆயிரம் என்று அசலைச் சில்லறையாக வாங்கமாட்டேன் என்றார். அதனால் அக்கா பெயரில் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்து 5,000 சேரும்போதெல்லாம் கட்டினார்கள். முதல் 5,000 கட்டியதுமே மாச வட்டி 600-லிருந்து 450 ஆனது. நடுவில் ஒரு சாவு, ஒரு திருவிழா. 35 வாரம் ஒன்பது மாசமாக நீண்டது. ஆனாலும் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஆர்.டி. மாசம் 2,000 வீதம் ஐந்து வருஷத்தில் கட்டுவது 1,20,000. இப்போதைய வட்டியில் முதிர்வில் சுமார் 1,42,700 வரும். பெண் எட்டாவது படிக்கிறாள், பன்னிரண்டாவது முடித்து ஒரு வருஷம் கழித்து இந்தப் பணம் கைக்கு வரும். செல்வமகள் சேமிப்பில் போடலாமே என்று அக்கா கேட்டார். வட்டி அதில் கூடுதல்தான், ஆனால் பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேமிப்பில் கட்டவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். விட்டுப்போன வட்டி 600 இருக்கிறதே, அதில் பிள்ளைகளுக்குத் தினம் ஆளுக்கு ஒரு முட்டை வாங்கலாம். முட்டை ஏழு ரூபாய் என்றால் மாசம் 420. தட்டில் எதுவும் தெரியாமல் பாஸ்புக்கில் மட்டும் ஏறுகிற பணத்துக்காக யாரும் ரொம்ப நாள் வாயைக் கட்டமாட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா தொடறதே இல்ல. ஆனா கையில ஒரு ரூபா நிக்கலையே?"

நிற்காது. 58,150 என்பது கட்டாக வரும் பணம் இல்லை. 75, 100 என்று கசிந்த பணம். குடியை நிறுத்தினாலும் அது சட்டைப் பையில் சில்லறையாகவே இருக்கும், பரோட்டா, லாட்டரி, போன் தவணை என்று வேறு வழியில் கசியும். அந்த அண்ணன் மாலை போட்ட ஏழு வாரத்தில் 7,490 மிஞ்சியிருக்க வேண்டும். இருமுடியும் வண்டி வாடகையும் போக மீதி எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பணம் கசியும் இடத்துக்கு வருவதற்கு முன்னால் திருப்பிவிட வேண்டும். அவர்கள் செய்தது இது: சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி பணம் பட்டுவாடா செய்யும்போதே 570-ஐ அக்கா கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். மேஸ்திரியிடம் இதைப் பேசியது அண்ணன்தான். அக்கா போய்க் கேட்டிருந்தால் அவருக்கு மானப் பிரச்சனை ஆகியிருக்கும்.

"நாளையிலிருந்து ஒரு பைசா கொடுக்காம ஒரேயடியா நிறுத்த வெச்சுடட்டுமா?"

முதலில் அவர் எந்த வகை என்று பாருங்கள். மாலை போட்டால் 48 நாள் சும்மா இருக்கக்கூடியவருக்கும், காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறவருக்கும் பெரிய வித்தியாசம். இரண்டாவது வகைக்காரரைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்த்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்புக்கு வழி சொல்வார்கள். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் சேமிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதல் வருஷம் மிஞ்சுகிற பணம் வைத்தியத்துக்கும் பஸ்ஸுக்கும் போனாலும் போகட்டும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் மாத்திரையை டாக்டர் தருவதுண்டு, குடிப்பவரின் சம்மதத்தோடு. அதை அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்து அவர் வெளியே போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கிச் சாவு வரைக்கும் போகலாம். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனும் சொல்லமாட்டான்.

"என் பையன் கம்பெனியில வேலை, வார லீவுக்கு மட்டும் பீர். அவனுக்கும் இதே கணக்கா?"

முறை அதேதான், கிழமை வாரியாக. அவன் செலவு போனிலேயே பதிவாகியிருக்கும் என்பதால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, போன வருஷத்து ஸ்டேட்மெண்ட்டை எடுத்தால் போதும். பாட்டில் விலையைவிட ஓட்டல் பில்லும் ராத்திரி டாக்சியும்தான் பெரிதாக இருக்கும். நண்பர்களுக்காக இவன் மொத்தமாகக் கட்டிவிட்டுப் பிறகு வசூலித்ததைக் கழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கணக்கு பூதாகாரமாகத் தெரியும்.

"ஆர்.டி. ஆரம்பிச்சு பத்து மாசம் கட்டினோம். தீபாவளியிலேருந்து மறுபடி சனிக்கிழமை குடி. கணக்கை மூடிடலாமா?"

மூடவும் முடியாது. மூன்று வருஷம் ஆன பிறகுதான் முன்கூட்டியே மூடலாம், அப்போதும் சாதா சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஒரு மாசம் கட்டாமல் விட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், 2,000-த்துக்கு 20 ரூபாய். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும், அதற்கடுத்த இரண்டு மாசத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பித்துக்கொள்ளலாம். தீபாவளியிலிருந்து என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாலை போடுகிறவராக இருந்தால் கார்த்திகை பிறந்ததும் முதல் இரண்டு சனிக்கிழமைப் பணத்தை வேறு எதற்கும் தொடாமல் பாக்கித் தவணைக்குக் கட்டிவிடுங்கள்.